ட்ரேடிங் ஜர்னல்: முறை தோற்றதா, நாம் தோற்றோமா என்று வாராவாரம் கண்டுபிடிக்கும் வழி

பெரும்பாலான ட்ரேடிங் ஜர்னல்களில் தேதி, பங்கின் பெயர், வாங்கிய விலை, விற்ற விலை, லாப நஷ்டம் ஆகிய ஐந்தும்தான் இருக்கும். இவை எல்லாம் புரோக்கர் தரும் கணக்கிலேயே இருக்கின்றன. அதையே மறுபடி உட்கார்ந்து எழுதினால் கை வலிக்குமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. அதனால்தான் பலர் மூன்றாவது வாரத்தில் ஜர்னலை மூடிவிடுகிறார்கள்.

புரோக்கரின் கணக்கு பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி உண்டு. இந்த வாரம் நஷ்டம் வந்ததற்குக் காரணம் என் முறையா, அல்லது முறையை நான் மீறியதா? இரண்டுக்கும் மருந்து வேறு. முறை சரியாக இருந்து நாம் மீறியிருந்தால், முறையை மாற்றுவது பிழை. முறையே ஓட்டையாக இருந்தால், அதை எவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றினாலும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் ஜர்னலை எப்படி அமைப்பது, வார இறுதியில் எப்படிப் படிப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## தொடங்கும் முன் ஒரு நிபந்தனை

எப்போது எண்ட்ரி, ஸ்டாப்லாஸ் எங்கே, எக்ஸிட் எங்கே என்ற மூன்றையும் ட்ரேட் எடுப்பதற்கு முன்பே எழுத முடிய வேண்டும். "சார்ட்டைப் பார்த்து அப்போது முடிவு செய்வேன்" என்று எக்ஸிட் செய்பவர்கள் முதலில் ஒரு எளிய விதியையாவது வைத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, "டார்கெட் அல்லது ஸ்டாப்லாஸ், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில் வெளியேறுவேன்". விதி இல்லாவிட்டால் மீறல் என்ற ஒன்றும் இருக்காது, அளப்பதற்கும் எதுவும் இருக்காது.

## அளவுகோல்: ஆர்

லாப நஷ்டத்தைப் பணமாக மட்டும் எழுதினால் ட்ரேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஒன்றில் 50 பங்கு, இன்னொன்றில் 400 பங்கு என்றால், பெரிய தொகை வந்த ட்ரேட்தான் நல்ல ட்ரேட் என்று தோன்றிவிடும். அதனால் ஒவ்வொரு ட்ரேடையும் அதில் நாம் பணயம் வைத்த தொகையால் வகுத்து எழுதுகிறோம். எண்ட்ரி விலைக்கும் முதலில் வைத்த ஸ்டாப்லாஸுக்கும் உள்ள தூரத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது ஒரு ஆர்.

240-இல் வாங்கி, 234-இல் ஸ்டாப்லாஸ் வைத்து, 50 பங்கு எடுத்தால் ஒரு ஆர் என்பது 6 × 50 = 300. செலவு எல்லாம் போகக் கையில் 135 வந்தால் அது 0.45 ஆர். ஸ்டாப்லாஸில் அடிபட்டு, செலவு 15-ஐயும் சேர்த்து 315 போனால் அது −1.05 ஆர். ஸ்டாப்லாஸ் அடிபட்ட ட்ரேட் சரியாக −1 என்று வராமல் கொஞ்சம் கூடுதலாக வருவது இயல்பு. கட்டணமும், நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஜர்னலில் திட்டமிட்ட விலையை எழுதாமல் கிடைத்த விலையை எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கசிவு கண்ணுக்கே தெரியாது.

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ட்ரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டாப்லாஸை நகர்த்துகிறோம், உடனே ஜர்னலிலும் மாற்றிவிடுகிறோம். 234-இல் இருந்ததை 228-க்கு இறக்கிவிட்டு அங்கே அடிபட்டால் உண்மையில் போனது சுமார் 2 ஆர். மாற்றிய ஸ்டாப்லாஸை வைத்துக் கணக்கிட்டால் ஏட்டில் ஒரு ஆர்தான் போனதாகக் காட்டும். அதனால் முதல் ஸ்டாப்லாஸ் என்ற கட்டத்தில் ஒருமுறை எழுதியதை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. ஸ்டாப்லாஸே வைக்காமல் எடுத்த ட்ரேட் என்றால், வழக்கமாக ஒரு ட்ரேடுக்கு எவ்வளவு பணயம் வைப்பீர்களோ அதையே ஒரு ஆர் என்று வைத்துக் கையால் கணக்கிடுங்கள்.

## என்னென்ன கட்டங்கள்

எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் இந்த வரிசையில் அமைக்கலாம். A முதல் H வரை ஆர்டர் போடுவதற்கு முன் நிரப்ப வேண்டியவை. மற்றவை ட்ரேட் முடிந்த பிறகு.

```
A  தேதி, நேரம்
B  பெயர்
C  திசை (வாங்கினால் 1, ஷார்ட் என்றால் -1)
D  செட்டப்
E  எண்ட்ரி விலை
F  முதல் ஸ்டாப்லாஸ்
G  எண்ணிக்கை
H  டார்கெட்
I  எக்ஸிட் விலை
J  மொத்தச் செலவு
K  நிஜ ஆர்
L  விதிப்படி ஆர்
M  வித்தியாசம்
N  தவறு
```

எண்ட்ரி விலையை மட்டும் ஆர்டர் நிறைவேறியதும் கிடைத்த விலைக்குத் திருத்திக்கொள்ளலாம். K, M இரண்டையும் ஷீட்டே கணக்கிடட்டும்:

```
K2:  =IF(I2="","",((I2-E2)*C2*G2-J2)/(ABS(E2-F2)*G2))
M2:  =IF(L2="","",L2-K2)
```

பாதியை ஒரு விலையிலும் மீதியை வேறு விலையிலும் விற்றால் எண்ணிக்கைக்கு ஏற்ற சராசரியை எக்ஸிட் விலையாகப் போடுங்கள். நடுவில் கூடுதலாக வாங்கினால் அது தனி முடிவு, அதற்குத் தனி வரிசை.

செட்டப் கட்டத்தில் நீங்களே பெயர் வைத்த இரண்டு மூன்று வகைகள் மட்டும் இருக்கட்டும். பிரேக்அவுட், புல்பேக் என்பது போல. அந்தப் பட்டியலில் இல்லாத ட்ரேட் என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன்னால் அந்தச் சொல்லைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதே சில ட்ரேடுகளைத் தடுத்துவிடும்.

தவறு என்ற கட்டத்துக்கும் நிலையான பட்டியல் வேண்டும். எனக்கு ஐந்து போதுமானதாக இருக்கிறது: அவசர எக்ஸிட், ஸ்டாப்லாஸ் நகர்த்தல், செட்டப் இல்லை, துரத்தி வாங்கியது, அளவு மீறியது. ஒவ்வொரு முறையும் புதுப்புது வார்த்தையில் எழுதினால் வார இறுதியில் கூட்ட முடியாது. ஒரே ட்ரேடில் இரண்டு தவறு இருந்தால், எது முதலில் நடந்ததோ அதை எழுதுங்கள். பின்னால் வந்த தவறு பெரும்பாலும் அதன் விளைவாகத்தான் இருக்கும்.

மனநிலையைப் பற்றி ஒரு கட்டம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நானும் வைத்துப் பார்த்தேன். நஷ்டமான ட்ரேட் எல்லாவற்றிலும் "பதற்றம்" என்றும், லாபமான எல்லாவற்றிலும் "நிதானம்" என்றும் எழுதியிருந்தேன். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் மனநிலையும் முடிவுக்கு ஏற்றபடி மாறிவிடுகிறது. அதைவிட நம்பகமானது நேரம். முந்தைய ட்ரேட் முடிந்து எத்தனை நிமிடத்தில் அடுத்ததை எடுத்தீர்கள் என்பது யாராலும் பூசி மெழுக முடியாத தகவல். அதனால் A-வில் நேரத்தை நிமிடம் வரை துல்லியமாக எழுதுங்கள். எக்ஸிட் நேரம் புரோக்கர் கணக்கில் கிடைக்கும்.

இதோடு இரண்டு ஸ்க்ரீன்ஷாட். எண்ட்ரி எடுத்த நொடியில் சார்ட் எப்படி இருந்தது என்பது ஒன்று, எக்ஸிட் செய்தபோது இருந்தது இன்னொன்று. முதலாவது மிக முக்கியம். வார இறுதியில் சார்ட்டைத் திறந்தால் வலது பக்கம் நடந்தது எல்லாம் தெரியும். "இது செட்டப்பே இல்லையே, எப்படி எடுத்தேன்" என்றோ, "இது தெளிவாக ஏறும் என்று தெரிந்ததே" என்றோ தோன்றும். இரண்டுமே பொய். அந்த நொடியின் படம் மட்டும்தான் உங்களுக்கு அப்போது என்ன தெரிந்தது என்று காட்டும்.

## விதிப்படி ஆர்: இந்த ஜர்னலின் உயிர்

K-இல் இருப்பது நடந்தது. L-இல் இருக்க வேண்டியது, எழுதிவைத்த விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் வந்திருக்கக்கூடியது. மேலே சொன்ன ட்ரேடையே எடுத்துக்கொள்வோம். 240-இல் எண்ட்ரி, 234-இல் ஸ்டாப்லாஸ், 252-இல் டார்கெட். விலை 246 வரை போய்த் திரும்பியதும் பயந்து 243-இல் விற்றாகிவிட்டது. நிஜ ஆர் 0.45. அதன் பிறகு 234-ஐத் தொடாமலேயே 252 வந்துவிட்டது. விதிப்படி வந்திருக்க வேண்டியது 600, அதில் செலவு 15 போனால் 585, அதாவது 1.95 ஆர். M-இல் வரும் 1.50 ஆர்தான் அந்தப் பயத்தின் விலை.

இதை நேர்மையாக நிரப்புவதற்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. ட்ரேட் முடிந்த உடனே நிரப்பக் கூடாது. டார்கெட் அல்லது ஸ்டாப்லாஸ் ஏதாவது ஒன்று வரும் வரை சார்ட்டைப் பார்த்த பிறகே நிரப்ப வேண்டும். வாரம் முடிந்தும் எதுவும் வரவில்லை என்றால் காலியாக விட்டுவிட்டு அடுத்த வாரம் நிரப்பலாம். அதுவரை அந்த வரிசையை M-இன் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

சார்ட்டின் ஒரே கேண்டிலில் ஸ்டாப்லாஸும் டார்கெட்டும் இரண்டுமே தொடப்பட்டிருந்தால், எது முதலில் என்று குறைந்த நேர சார்ட்டில் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் ஸ்டாப்லாஸ்தான் முதலில் அடிபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்கெட் விலையைச் சரியாகத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் உங்கள் ஆர்டர் நிறைவேறியிருக்கும் என்று நம்ப வேண்டாம். விலை அதைத் தாண்டியிருந்தால் மட்டுமே டார்கெட் வந்ததாகக் கணக்கிடுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் நமக்குச் சாதகமாக எழுதினால், L நெடுவரிசை ஒரு கனவுக் கணக்காக மாறி, இல்லாத முறையை நல்ல முறை என்று நம்பவைத்துவிடும்.

செட்டப் இல்லாமல் எடுத்த ட்ரேடுக்கு விதிப்படி ஆர் எப்போதும் 0. விதி அதை எடுக்கவே சொல்லவில்லை. அது லாபத்தில் முடிந்திருந்தாலும் 0தான். அப்போது M மைனஸில் வரும், அதாவது மீறியதால் லாபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

## ஒரு வாரத்தைப் படிப்போம்

கணக்கு எளிதாக இருப்பதற்காக எல்லா ட்ரேடிலும் டார்கெட் 2 ஆர் தூரத்தில், செலவு 0.05 ஆர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

| நாள் | செட்டப் | நிஜ ஆர் | விதிப்படி ஆர் | வித்தியாசம் | தவறு |
|---|---|---|---|---|---|
| திங்கள் | பிரேக்அவுட் | −1.05 | −1.05 | 0 | |
| திங்கள் | புல்பேக் | +0.45 | +1.95 | 1.50 | அவசர எக்ஸிட் |
| செவ்வாய் | பிரேக்அவுட் | −1.05 | −1.05 | 0 | |
| செவ்வாய் | இல்லை | −1.60 | 0 | 1.60 | செட்டப் இல்லை |
| புதன் | புல்பேக் | +1.95 | +1.95 | 0 | |
| வியாழன் | பிரேக்அவுட் | +0.30 | −1.05 | −1.35 | அவசர எக்ஸிட் |
| வெள்ளி | புல்பேக் | +0.60 | +1.95 | 1.35 | அவசர எக்ஸிட் |

நிஜ ஆரைக் கூட்டினால் −0.40. புரோக்கர் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது கொஞ்சம் நஷ்டமான வாரம். "பிரேக்அவுட் வேலை செய்யவில்லை, வேறு இண்டிகேட்டர் பார்க்கலாம்" என்று கிளம்பிவிடுவார். விதிப்படி ஆரைக் கூட்டினால் +2.70. நடுவில் உள்ள 3.10 ஆர் எங்கே போனது என்பதுதான் இந்த வாரத்தின் கேள்வி.

தவறு வாரியாகப் பிரித்தால் விடை கிடைக்கும். செட்டப் இல்லாமல் எடுத்தது ஒரே ஒரு ட்ரேட், 1.60 ஆர். அவசர எக்ஸிட் மூன்று முறை நடந்திருக்கிறது: 1.50, −1.35, 1.35. கூட்டினால் 1.50 ஆர்.

இங்கே அவசரப்பட்டு இரண்டையும் சரிசெய்ய இறங்காதீர்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகையாகத் தெரிந்தாலும் இவற்றின் இயல்பு வேறு. அவசர எக்ஸிட்டில் ஒரு முறை நம்மைக் காப்பாற்றியும் இருக்கிறது. வியாழக்கிழமை அதே விலை வேறு மாதிரி நகர்ந்திருந்தால் கூட்டுத்தொகை மாறியிருக்கும். மூன்று தடவையை வைத்து "சீக்கிரம் விற்பது தவறு" என்று முடிவு கட்ட முடியாது. அதைக் குறித்துக்கொண்டு இன்னும் சில வாரம் சேரட்டும் என்று விட வேண்டும். லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்று நஷ்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இலேயே விரிவாக எழுதினார்கள். மனிதர்களுக்குப் பொதுவான பழக்கம் என்பதால் உங்களிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் செட்டப்பில் அது எத்தனை ஆர் பறிக்கிறது என்பதை உங்கள் ஏடுதான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ட்ரேடில் அந்தச் சந்தேகம் இல்லை. ஏட்டின் A கட்டத்தில் உள்ள நேரத்தைப் பாருங்கள். முந்தைய ட்ரேட் ஸ்டாப்லாஸில் அடிபட்டு 4 நிமிடத்தில் இது எடுக்கப்பட்டிருக்கிறது. போனதைப் பிடிக்கும் வேகத்தில் எடுத்தது, அதிலும் ஸ்டாப்லாஸ் நகர்த்தப்பட்டதால்தான் 1.05-இல் நிற்காமல் 1.60 வரை போயிருக்கிறது. இதைத் தடுப்பதும் சுலபம், தடுத்தால் முறையிலும் எதுவும் மாறாது. ஆகவே அடுத்த வாரத்துக்கான ஒரே வேலை இது: ஸ்டாப்லாஸ் அடிபட்டால் 30 நிமிடத்துக்குப் புது ஆர்டர் இல்லை.

## வார இறுதியில் செய்ய வேண்டிய வரிசை

சந்தை மூடியிருக்கும் நாளில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி ட்ரேட் முடிந்த சூட்டோடு உட்கார வேண்டாம், ஒரு இரவாவது தூங்கி எழுந்த பிறகு பார்ப்பது நல்லது.

முதலில் புரோக்கர் கணக்கில் உள்ள ட்ரேடுகளின் எண்ணிக்கையும் ஜர்னலில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. எழுதாமல் விட்டுப்போகும் ட்ரேடுகள் பெரும்பாலும் எழுத வெட்கப்பட்ட ட்ரேடுகள்தான். செவ்வாய்க்கிழமை ட்ரேட் விட்டுப்போயிருந்தால் அந்த வாரத்தின் பாடமே காணாமல் போயிருக்கும்.

பிறகு சார்ட்டைத் திறந்து L-ஐ நிரப்புங்கள். அதன் பின் கூட்டல். P1 கட்டத்தில் அந்த வாரத்துத் திங்கட்கிழமையின் தேதியைப் போட்டால், முதல் வரி அந்த வாரத்தின் நிஜ ஆரையும், இரண்டாவது விதிப்படி ஆரையும், மூன்றாவது ஒரு தவறின் மொத்த விலையையும் தரும்:

```
=SUMIFS(K:K,A:A,">="&P1,A:A,"<"&P1+7)
=SUMIFS(L:L,A:A,">="&P1,A:A,"<"&P1+7)
=SUMIFS(M:M,N:N,"அவசர எக்ஸிட்",A:A,">="&P1,A:A,"<"&P1+7)
```

மூன்றாவதில் தேதி நிபந்தனைகளை எடுத்துவிட்டால் ஆரம்பத்திலிருந்து அந்தத் தவறு பறித்த மொத்தம் வரும். சில வாரம் போனதும் இதுதான் அதிகம் பேசும் எண்.

இப்போது, போன வாரம் எழுதிய ஒரு வரி விதியைக் கடைப்பிடித்தீர்களா என்று நேரங்களை வைத்துச் சரிபாருங்கள். கடைப்பிடிக்கவில்லை என்றால் புது விதி சேர்க்காதீர்கள், அதே விதி இன்னொரு வாரம் தொடரட்டும். கடைப்பிடித்திருந்தால் M-இல் அதிகம் பறித்த அடுத்த தவறுக்கு ஒரு வரி. அந்த வரி "பொறுமையாக இருப்பேன்" என்பது போல இருக்கக் கூடாது. ஏட்டைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

## வாரத்தில் கேட்கக் கூடாத கேள்வி

வார இறுதியில் மீறல்களைப் பற்றித்தான் கேட்க வேண்டும். முறை நல்லதா என்ற கேள்வியை அங்கே கேட்கக் கூடாது. காரணம் எண்ணிக்கை. பாதிக்குப் பாதி வெல்லும் ஒரு முறை இருக்கிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 7 ட்ரேட் எடுத்தால், நூற்றில் 23 வாரங்களில் 2 அல்லது அதற்கும் குறைவான வெற்றிதான் கிடைக்கும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மோசமான வாரம், முறையில் எந்தக் குறையும் இல்லாமலேயே. 30 ட்ரேட் சேர்ந்த பிறகும் வெற்றி 10 முதல் 20 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம்.

அதனால் ஒரு செட்டப்பின் L நெடுவரிசையை அது 50 ட்ரேடாவது தாண்டும் வரை தீர்ப்புக்கு எடுக்காதீர்கள். அப்போதும் பார்க்க வேண்டியது L-இன் சராசரியை. K-இன் சராசரியில் உங்கள் மீறல்கள் கலந்திருக்கும். பிரேக்அவுட் 50 ட்ரேடுக்குப் பிறகு விதிப்படியே சராசரியாக −0.2 ஆர் காட்டினால், அந்த விதியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். +0.3 காட்டி, K மட்டும் −0.1 என்றால் விதியில் கை வைக்காதீர்கள்.

விதியை மாற்றினீர்கள் என்றால், செட்டப்பின் பெயரையும் மாற்றுங்கள். "பிரேக்அவுட்" என்பதை "பிரேக்அவுட் 2" ஆக்கிவிட்டு எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள். பழைய வரிசைகளைப் புது விதிக்கு ஏற்றபடி திருத்தி எழுதினால், தெரிந்த பதிலுக்கு விதியைப் பொருத்தியதாகிவிடும். அந்தக் கணக்கு அடுத்த வாரச் சந்தையில் நிற்காது.

இன்னும் ஒன்று பாக்கி. செட்டப் வந்தும் எடுக்காமல் விட்ட ட்ரேடுகள். அவற்றையும் ஒரு வரிசையாக எழுதி, K-இல் கையால் 0 போட்டு, தவறு கட்டத்தில் "விட்டது" என்று குறிக்கலாம். ஆனால் அதை செட்டப் உருவான அந்த நேரத்திலேயே, விலை எங்கே போகும் என்று தெரிவதற்கு முன் எழுதியிருந்தால் மட்டுமே சேருங்கள். வார இறுதியில் சார்ட்டைப் பார்த்துத் தேடினால் ஏறிய செட்டப்புகள் மட்டும்தான் கண்ணில் படும். தொடங்கும்போது இந்த வரிசைகளைத் தவிர்த்துவிட்டு, எடுத்த ட்ரேடுகளை ஒன்றுவிடாமல் எழுதும் பழக்கம் நாலைந்து வாரம் நிலைத்த பிறகு சேர்த்துக்கொள்வது போதும்.